பாலை நிறுத்திட்டேன்

நேத்து எங்க பால் சங்கத்துல ஒரு கடிதம் கொடுத்தேன்: இன்று முதல் பால் ஊற்ற மாட்டேன். குன்னூர் பக்கம் ரெண்டு மாடு வச்சிருக்கேன். பத்து நாளைக்கொரு பில் வரணும். ஆறு பில் வரல. நீங்க பாக்கெட்டை காசு கொடுத்துத்தானே வாங்குறீங்க, எனக்கு மட்டும் ஏன் கடன்?

கடிதத்துல கோபத்தை எழுதல, கணக்கை எழுதினேன். கொழுப்பு அளவைப் பார்த்து விலை மாறும். மொத்த லிட்டரை ஒரே விலையால பெருக்கினா தப்புன்னு தள்ளிடுவாங்க. அதனால சீட்டு சீட்டா கூட்டினேன்: 720 லிட்டர், 25,310 ரூபாய். சங்கத்துல கடனுக்கு வாங்கின தீவனம் 5,200 கழிச்சா பாக்கி 20,110. தீவனத்தை மறைச்சிருந்தா மீதிக் கணக்கையும் யாரும் நம்பமாட்டாங்க.

நகல்ல சீல் போட செயலாளர் தயங்கினார். "போடுங்கண்ணே, இல்லைன்னா பதிவுத் தபால்ல அனுப்புறேன்"னேன். போட்டார்.

இப்ப டீக்கடைக்கு ஊத்துறேன். விலை கம்மிதான். சாயங்காலமே காசு வந்துடுது.