எந்தப் பால் நல்ல பால்?

கெட்டியான பாலே சத்துள்ள பால் என்பது நம் வீடுகளில் அசையாத நம்பிக்கை. நண்பர்களே, பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைச் சற்றுப் படித்துப் பாருங்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம். நிறைகொழுப்புப் பாலில் 6. அதாவது அரை லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம், 30 கிராம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அடங்கிய மற்றத் திடப்பொருளோ முன்னதில் 8.5, பின்னதில் 9 சதவீதம். ஆக, நாம் தரும் கூடுதல் விலை பெரும்பாலும் வெண்ணெய்க்கே. பால்கோவா கிளற அது வேண்டும். விடுதிக் காப்பிக்கு எதற்கு?

சில்லறைப் பால் வாங்குவோர் பால்மானியை நம்புகிறார்கள். பாலேட்டை எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும்; தண்ணீர் விட்டால் குறையும். இரண்டையும் அளவாகச் செய்தவரின் பாலில் பால்மானி சரியாகவே நிற்கும்! காய்ச்சி ஆறவைத்து, படியும் ஏட்டைப் பார்த்தால் அந்தக் குட்டு ஓரளவு வெளிப்படும். கிருமி போகவும் அந்தப் பாலைக் காய்ச்சித்தான் ஆகவேண்டும். பாஸ்டரைஸ் செய்த பாக்கெட் பால், 72 டிகிரியில் 15 விநாடி சூடேற்றிக் குளிரவைக்கப்பட்டே வருகிறது.

இப்போது ‘ஏ2 பால்’ என்று இருமடங்கு விலை கேட்கிறார்கள். அது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகையைச் சொல்கிறதே தவிர, சுத்தத்தையோ கொழுப்பையோ அன்று. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் எருமைப் பாலும் ஏ2 வகைதான். எந்த எருமைக்காரரும் அதற்குத் தனி விலை கேட்டதில்லை.