ரிசல்ட் வந்தது, ஆஃபர் போனது: அடுத்த பத்து நாளில் என்ன செய்யணும்?

2022 அக்டோபரில் ஒரு செய்தி கேம்பஸ் வட்டாரத்தையே கலக்கியது. விப்ரோ, இன்ஃபோசிஸ், டெக் மஹிந்திரா போன்ற நிறுவனங்களில் ஆஃபர் லெட்டர் வாங்கி, ஜாய்னிங் தேதிக்காக மாசக்கணக்கில் காத்திருந்த சிலருக்கு ஆஃபர் ரத்து என்று மெயில் வந்ததாக மாணவர்கள் சொன்னார்கள். அதில் சொல்லப்பட்ட காரணம், கல்வித் தகுதி நிபந்தனையை நீங்கள் பூர்த்தி செய்யவில்லை என்பது. 'இன்டர்வியூ எல்லாம் முடிச்சுத்தானே லெட்டர் கொடுத்தாங்க' என்பது மாணவர்களின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனா கேம்பஸ் ஆஃபர் எப்படி எழுதப்படுதுன்னு பார்த்தா சிக்கல் புரியும். நிறுவனங்கள் ஏழாவது செமஸ்டரிலேயே ஆள் எடுத்துவிடுகின்றன. அப்போது இறுதி ரிசல்ட் வந்திருக்காது. அதனால் லெட்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கிறார்கள்: டிகிரியில் இத்தனை சதவிகிதம் இருக்கணும், சேரும் நாளில் அரியர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு விஷயம் நடந்தால்தான் செல்லும் என்று போட்ட ஒப்பந்தத்தை, அது நடக்காத வரை அமல்படுத்தச் சொல்ல முடியாது. நிபந்தனை உண்மையிலேயே தவறியிருந்தால் கோர்ட் வழி பெரும்பாலும் அடைபட்டதுதான். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிபந்தனை நிஜமாவே தவறியதா என்பதுதான்.

முதலில் கணக்கைப் பாருங்க

'60 சதவிகிதம் இல்லை' என்று மெயில் வந்தால், அந்த 60-ஐ அவர்கள் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏ-வை 10-ஆல் பெருக்கினால் சதவிகிதம். ஆனா வேறு சில இடங்களில் 0.75-ஐக் கழித்துவிட்டுத்தான் பெருக்குவார்கள். உங்கள் சிஜிபிஏ 6.4 என்றால் முதல் முறையில் 64 சதவிகிதம், இரண்டாவது முறையில் 56.5. ஒரே மார்க் ஷீட், ஒரு கணக்கில் பாஸ், இன்னொன்றில் ஆஃபர் காலி!

உங்கள் பல்கலைக்கழகத்தின் முறை என்ன என்பது பெரும்பாலும் மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலோ விதிமுறையிலோ இருக்கும். அதைக் குறிப்பிட்டு கல்லூரியிடம் சான்றுக் கடிதம் வாங்கி ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள். இது கருணை கேட்கும் மனு இல்லை, தவறைத் திருத்தச் சொல்லும் மெயில். ஆனால் 59.8-ஐ 60-ஆக எடுத்துக்கோங்கன்னு கேட்பது வேறு. பல நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை.

ஒரு பேப்பர் போயிருந்தா?

நாச்சியாபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி காரைக்குடி பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட்டில் ஜாய்னிங். ரிசல்ட்டில் ஒரு பாடத்துக்கு நேராக 'யு', அதாவது மறுபடி எழுதணும். அன்று மாலையே அவர் செய்ய வேண்டியது, அந்தப் பாடத்தின் விடைத்தாள் நகலுக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்று கல்லூரியில் விசாரிப்பது. அண்ணா பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கிய பிறகுதான் மறுமதிப்பீட்டுக்கே போக முடியும். நகலுக்கான கடைசித் தேதி தவறினால் அடுத்த கதவும் சேர்ந்தே மூடிவிடும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் இதெல்லாம் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலேயே நடக்கும், விதியும் கொஞ்சம் மாறும்.

நகல் வந்ததும் என்ன பார்க்கணும்? எழுத்துத் தேர்வில் குறைந்தது 45 சதவிகிதம், இன்டர்னலோடு சேர்த்து 50 சதவிகிதம் என்பது அங்கே பாஸ் விதி. நம்ம மாணவிக்கு எழுத்துத் தேர்வில் 100-க்கு 42, இன்டர்னல் நன்றாகவே இருக்கு என்று வைப்போம். தேவை மூன்று மார்க்தான். கூட்டல் சரியா, எல்லாப் பக்கத்துக்கும் மதிப்பெண் போட்டிருக்கா, 13 மார்க் கேள்வியில் வழிமுறை சரியாக இருந்தும் விடை தப்பு என்பதற்காக மொத்தமாகக் குறைத்துவிட்டார்களா என்று பாடம் எடுத்த ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்கணும். இப்படி ஏதாவது கையில் சிக்கினால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். 42-க்கு பதிலாக 25 என்றால், அந்தப் பணத்தையும் நாட்களையும் அடுத்த தேர்வுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மறுமதிப்பீட்டில் பலர் பாஸாவது உண்மை. 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிறகு அண்ணா பல்கலையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து, எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் பாஸானார்கள். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததும் இதே மறுமதிப்பீட்டில்தான். 'உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், போன மார்க்கோடு டிகிரியும் போகும் வழி அது.

கல்லூரி நகல் தர இழுத்தடித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க அந்தச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு, பல்கலைக்கழகம் போன்ற பொது அமைப்புகளுக்கு இது பொருந்தும். ஆனா பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஜாய்னிங் தேதி வந்துவிடலாம். எனவே இது முதல் வழி இல்லை, பக்கத்தில் இன்னொரு வழி.

கம்பெனிக்கு என்ன எழுதுவது?

மறைத்து வைத்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும், அப்போ பேச இடமே இருக்காது. 'ஒரு பாடம் நிலுவை. மறுமதிப்பீட்டுக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், ரசீது இணைப்பில். ரிசல்ட் வரும் வரை ஆஃபரை நிறுத்திவைக்க முடியுமா, அல்லது அடுத்த பேட்ச்சில் சேரலாமா?' என்று கேளுங்கள். 'தயவுசெய்து வேலை கொடுங்க' என்பதைவிட, தேதி போட்ட கோரிக்கைக்குப் பதில் சொல்வது ஹெச்.ஆருக்கு எளிது. முடிந்தால் பிளேஸ்மென்ட் அதிகாரி வழியாக அனுப்புங்கள். அடுத்த வருஷமும் அதே கல்லூரிக்கு வரணும் என்பதால், தனி மாணவரைவிட அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

மறுமதிப்பீட்டிலும் கைவிட்டுப் போனால், அந்தப் பாடத்தை வழக்கமாக நவம்பர்-டிசம்பரில் எழுதலாம். சில தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒரே பாடம் மட்டும் பாக்கி உள்ள இறுதியாண்டு மாணவர்களுக்கு உடனடித் தேர்வும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஆஃபர் ரத்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல கல்லூரிகளில் 'ஒருவருக்கு ஒரு வேலை' விதி இருக்கு. ஒரு ஆஃபர் கையில் இருப்பவரை அடுத்த டிரைவில் உட்கார விடமாட்டார்கள். ஆஃபர் ரத்தாகியும் பட்டியலில் நீங்கள் 'வேலை கிடைத்தவர்' ஆகவே இருப்பீர்கள். ரத்து மெயிலை இணைத்து, பெயரை மறுபடி சேர்க்கச் சொல்லி பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்த மெயிலில் சொன்ன காரணமும் முக்கியம். நிபந்தனை தவறியதாகச் சொன்னார்கள், ஆனால் உங்கள் மார்க் ஷீட் வேறு சொல்கிறது என்றால், வக்கீலிடம் எடுத்துப்போக வேண்டிய தாளும் அதுதான்.