வங்கி பிடித்த வரியும் காட்டாத வாடகையும்



வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருப்போர் சிலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். “வாடகை தருபவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார். வரி போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்த வாடகையைக் கணக்கில் காட்டுவானேன்?” என்பதே அது. பிடிக்கப்படுவது முன்பணம் போன்றது. கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பது ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைக் கூட்டிய பின்னரே தெரியவரும். பிடித்த தொகை அதனினும் கூடுதலாயிருந்தால் மீதி திரும்பி வரும். குறைவாயிருந்தால் எஞ்சியதை நாம் கட்ட வேண்டும்.

வரியைப் பிடிக்கும் வங்கி போன்ற நிறுவனம், மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வருமான வரித்துறைக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறது. கொடுத்த வாடகை, பிடித்த வரி, வீட்டு உரிமையாளரின் பான் எண் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. அதே எண்ணின் கீழ் உரிமையாளர் தாக்கல் செய்த கணக்கில் வாடகை என்ற வரியே காணப்படாவிடில், கணினி அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறது. அறிவிப்பு வரும் வழி இதுவே.

2024 டிசம்பரில், 2023-24 நிதியாண்டுக் கணக்கில் இத்தகைய வேறுபாடு உள்ளோர்க்கு வரித்துறை மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பியது. நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கும் அது வந்தது. வயது அறுபத்தாறு. “சாமி, திருடியைப் போல் என்னைக் கேட்கிறார்களே!” என்று அழாக் குறையாக வந்தார்.

செய்தியோடு வந்த இணைப்பை அழுத்த வேண்டாம் என்பதே நாம் முதலில் சொன்னது. வரித்துறையின் பெயரால் வரும் போலிச் செய்திகள் பல. incometax.gov.in என்ற முகவரியைத் தாமே தட்டெழுதி உள்ளே சென்று, அங்கும் அதே அறிவிப்பு இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இருந்தது. Form 26AS என்னும் ஏட்டையும், AIS என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிப் பார்த்தோம். கீழ்த்தளத்தில் உள்ள வங்கிக் கிளை கொடுத்த வாடகை ரூ.3,00,000, பிடித்த வரி பத்து விழுக்காடு, ரூ.30,000. அம்மையாரின் கைக்கு வந்தது ரூ.2,70,000 எனினும், கணக்கில் காட்ட வேண்டியது முழு மூன்று இலட்சமே. பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். பிடித்த வரியும் அவர்களுடைய வருமானமே.

அம்மையார் ஜூலையில் தாக்கல் செய்த கணக்கில் ஓய்வூதியம் மட்டுமே இருந்தது. ஆண்டுக்கு ரூ.5,40,000, நிலைக் கழிவு ரூ.50,000 போக ரூ.4,90,000. புதிய வரிமுறையில் அவ்வாண்டு ஏழு இலட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்ததால், கட்ட வேண்டியது ஏதுமில்லை என்று கணக்கு முடிந்திருந்தது.

இப்போது வங்கியின் வாடகையைச் சேர்த்தோம். அந்தத் தளத்திற்குச் செலுத்திய சொத்து வரி ரூ.12,000. அதைக் கழித்தால் ரூ.2,88,000. பராமரிப்புக்கென்று சட்டம் தரும் முப்பது விழுக்காட்டுக் கழிவு போக ரூ.2,01,600. ஓய்வூதியத்தோடு கூட்ட ரூ.6,91,600. ஏழு இலட்சத்திற்குள்தான்! வரி இல்லை, வங்கி பிடித்த ரூ.30,000 முழுவதும் திரும்பி வரும். அம்மையாரின் முகம் மலர்ந்தது.

ஆனால் அந்த வீட்டிற்கு மாடி ஒன்று உண்டு. மகன் குடும்பம் வெளியூர் சென்றபின், 2023 ஏப்ரலில் அங்கே ஒரு சிறு குடும்பம் குடிவந்தது. மாத வாடகை ரூ.8,000; ஆண்டுக்கு ரூ.96,000. அவர்கள் வரி பிடிக்கும் கடமையில்லாதவர்கள். எந்த அறிக்கையிலும் அத்தொகை இல்லை. சொத்து வரி ரூ.4,000-மும் முப்பது விழுக்காடும் கழித்தால் ரூ.64,400. அதையும் சேர்த்தால் மொத்தம் ரூ.7,56,000 ஆகிறது, தள்ளுபடி போய்விடுகிறது. வரி ரூ.30,600, அதன்மேல் நான்கு விழுக்காடு செஸ் ரூ.1,224, ஆக ரூ.31,824. பிடித்த முப்பதாயிரம் போக, அம்மையார் இன்னும் ரூ.1,824 கட்ட வேண்டும்.

முப்பதாயிரம் கைக்கு வருவதற்கு மாறாக, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கையை விட்டுப் போகிறது. “அவர்கள் கேட்டது வங்கி வாடகையைத்தானே, சாமி?” என்றார். நியாயமான கேள்விதான். நாம் அவருக்குக் காட்டியது கணக்கின் கடைசிப் பகுதியை. அங்கே, தந்த விவரங்கள் சரியானவை, முழுமையானவை என்று தாக்கல் செய்பவர் உறுதி கூறுகிறார். கேட்டதற்கு மட்டும் விடை தந்தோம் என்று அங்கே எழுதவில்லை. தெரிந்தே மறைத்த வருமானத்திற்கு, தப்பிய வரியைப் போல் இரு மடங்கு அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அவர் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு மாடி வீட்டு வாடகைக் குறிப்பேட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்!

அதன்பின் நடந்தவை எளியவை. முதலில் ரூ.1,824-ஐச் சுயமதிப்பீட்டு வரியாகச் செலுத்திச் சலான் எண்ணைக் குறித்துக்கொண்டார். இரண்டு வாடகைப் பகுதிகள் ஆதலால் முன்பு தாக்கல் செய்த ITR-1 படிவம் அவ்வாண்டு பொருந்தாது, ITR-2 தேவைப்பட்டது. அதில் 139(5) பிரிவின்கீழ்த் திருத்திய கணக்கு எனக் குறித்து, முதல் கணக்கின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் இட்டு, வங்கி பிடித்த ரூ.30,000-ஐ வரவாகக் கோரினார். தாக்கல் செய்த கையோடு ஆதார் வழியே உறுதி செய்தார். முப்பது நாட்களுக்குள் உறுதி செய்யாவிடில், கணக்கு உரிய நாளில் தாக்கலானதாகக் கொள்ளப்படாது. கடைசியாக, அறிவிப்புக்கு விடையாக வங்கி வாடகை பற்றிய தகவல் சரியே என்று தெரிவித்து, திருத்திய கணக்கின் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டார். இந்த வரிசை முக்கியம். கணக்கைத் திருத்தாமல் “தகவல் சரி” என்று மட்டும் எழுதுவது, குறையை ஒப்புக்கொண்டு அப்படியே விட்டதாகும்.

அவ்வாண்டுக் கணக்கைத் திருத்த 2024 டிசம்பர் 31 கடைசி நாளாயிருந்து, பின்னர் 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. அந்நாளையும் தவறவிட்டவர்க்கு எஞ்சிய வழி 139(8A) பிரிவின் புதுப்பித்த கணக்கு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் என்றால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் 25 விழுக்காடு கூடுதல். 24 மாதங்களுக்குள் 50 விழுக்காடு. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இவ்வழியை 48 மாதங்கள் வரை நீட்டியது. கூடுதலும் 60, 70 என ஏறும். இவ்வழியில் புதிதாகப் பணம் திரும்பக் கேட்க இயலாது. வரி மீண்டு வரவேண்டியவர்கள் காலம் தாழ்த்தினால், இதனாலேயே இழப்பு அவர்களுக்குத்தான்.

வாடகைதாரரின் அறிக்கையே தவறாயிருப்பதும் உண்டு. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி, வேறொருவர் வாடகை நம் பெயரில் ஏறிவிடலாம். அப்போது ஏற்றுக்கொண்டு வரி கட்ட வேண்டியதில்லை. AIS பக்கத்தில் அத்தகவல் நம்முடையதன்று என்று தெரிவித்து, வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையை அனுப்பியவர்தாம் அதைத் திருத்த முடியும் என்பதால், அவருக்கும் எழுத்தில் தெரிவித்து ஒரு படி வைத்துக்கொள்வது நலம்.

இங்கே நாம் சொன்ன பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தொடங்கும் வருமானத்திற்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதன் எண்களும் பொருந்தும். அதற்கு முந்திய ஆண்டுகளின் வாடகைக்குப் பழைய சட்டமே.