1, 4 என்று பார்த்து n² எழுதிய பிள்ளைகளுக்கு

பதுளை, பசறை, ஹாலிஎலப் பக்கம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

போன கிழமை வகுப்பில் y = xe^(2x) இன் n ஆம் பெறுதியைக் காணச் சொன்னேன். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை இரண்டு தரம் வகையிட்டாள்:

y′ = (1 + 2x)e^(2x)
y″ = (4 + 4x)e^(2x)

"சேர், 1, 4 வருது. அப்ப n². x இன் குணகம் 2, 4. அது 2ⁿ" என்றாள். n ஆம் பெறுதி (n² + 2ⁿx)e^(2x) என்று எழுதியும் விட்டாள்.

நான் பிழை என்று சொல்லவில்லை. "நிறுவிக் காட்டுங்க மகள்" என்றேன்.

k ஆம் பெறுதி (k² + 2ᵏx)e^(2x) என எடுத்து இன்னொரு தரம் வகையிட்டால், x இல்லாத உறுப்பு 2k² + 2ᵏ. அது (k+1)² ஆக வேண்டும். k = 1 இல் 4 = 4, சரி. k = 2 இல் 12 வருகிறது; வேண்டியது 9. அவளே கண்டுபிடித்தாள்.

பிறகு மூன்றாம் பெறுதியையும் எடுத்தோம்: (12 + 8x)e^(2x). 1, 4, 12 என்பதை 1×1, 2×2, 3×4 என்று பிரித்து எழுதியதும் கோலம் தெரிந்தது: n·2ⁿ⁻¹. அதாவது

y⁽ⁿ⁾ = 2ⁿ⁻¹(n + 2x)e^(2x)

இப்போது x இல்லாத உறுப்பு 2·k·2ᵏ⁻¹ + 2ᵏ = (k+1)2ᵏ. x இன் குணகம் 2ᵏ இலிருந்து 2ᵏ⁺¹ ஆகிறது. இரண்டும் பொருந்துகின்றன.

இன்னொரு விஷயம். "n = 1 இற்கு உண்மை" என்று கணிக்காமலே ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. n இற்குப் பதிலாக n + 5 போட்டு 2ⁿ⁻¹(n + 5 + 2x)e^(2x) என்று எழுதிப் பாருங்கள். k இலிருந்து k+1 இற்குப் போகும் படி அதற்கும் அப்படியே சரிவரும்! ஆனால் n = 1 இல் 1 வரவேண்டிய இடத்தில் 6 வருகிறது. அந்தப் பிழையைப் பிடிப்பது முதல் படி மட்டும்தான்.

இந்தச் சூத்திரங்களை அட்டவணையாக அச்சடித்துக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வியில் 2x இற்குப் பதிலாக 3x வந்தால் அட்டவணை கைவிட்டுவிடும். மூன்று பெறுதியாவது எடுத்து, எண்களைப் பெருக்கிச் சுருக்காமல் வைத்துக் கோலத்தைத் தேடி, பிறகு கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டால் நிறுவப் பழகிய பிள்ளை அதையும் செய்யும். தொகுத்தறிவு சூத்திரத்தைக் கண்டுபிடித்துத் தராது. நாம் ஊகித்தது சரியா என்று மட்டும் சொல்லும்.

xe^(3x) இற்கு விடையை இன்றிரவு செய்து பாருங்கள் பிள்ளைகளே. நிறுவலோடு சேர்த்துக் கொமென்டில் போடுங்கள். விடையை மட்டும் போட்டால் நான் பார்க்கமாட்டேன்.