மேற்கோள் குறிக்குள் யாருடைய வார்த்தை?

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் செய்தியாளர் சந்திப்புதான் சென்னையில் பெரிய செய்தி. திருவான்மியூரில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று முடிவு செய்வதுகூட அதைப் படித்துத்தான். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண் நாளிதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருக்கிறாள். செய்தி மேசையில் பல வருஷம் இருந்தவன் என்பதால், நான் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அதிகாரி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அடுத்த 24 மணி நேரத்துல சென்னையில ஓரிரு இடங்கள்ல கனமழை பெய்ய வாய்ப்பு இருக்கு." இதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி "ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு இருக்கிறது" என்று போடுவதில் தவறில்லை. ஆனால் "சென்னையில் கனமழை பெய்யும்" என்று மேற்கோள் குறிக்குள் போட்டால், அது அவர் சொன்னதே இல்லை.

வானிலைத் துறையில் இந்தச் சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு. 'ஓரிரு இடங்கள்' என்றால் மழை பதிவாகும் நிலையங்கள் கால்வாசிக்கு மேல் போகாது. அதைத் தாண்டிப் பாதி வரை போனால் 'ஒருசில இடங்கள்'. 'கனமழை' என்பது ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை, 12 முதல் 20 வரை போனால் 'மிக கனமழை'. அலங்காரத்துக்காக ஒரு 'மிக' சேர்த்தால் முன்னறிவிப்பே மாறிவிடும்.

இன்னொரு பொறி, நிருபரின் கேள்வி. "2015 மாதிரி வெள்ளம் வருமா?" என்று ஒருவர் கேட்க, அதிகாரி "இப்போ சொல்ல முடியாது" என்கிறார். மறுநாள் '2015 போல வெள்ளம் வரலாம்: அதிகாரி' என்று தலைப்பு வருகிறது. 2015, வெள்ளம் இரண்டுமே நிருபரின் வாயிலிருந்து வந்தவை. கேள்வியையும் சேர்த்து எழுதினால்தான் பதில் நேர்மையாக நிற்கும்.

தமிழில் 'என்று' நேர்கூற்றுக்கும் வரும், அயற்கூற்றுக்கும் வரும். அதனால் மேற்கோள் குறி ஒன்றுதான் வேலி. நோட்டில் எழுதும்போதே, சொன்னபடியே எடுத்த வாக்கியத்தின் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் அந்த வரியை மட்டும் திரும்பக் கேட்டு, எண்களை அவர்கள் தரும் அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையா? அவர் கிளம்புமுன் கேட்டுவிடலாம். முடியாவிட்டால் குறியை எடுத்துவிட்டு, உறுதியாகக் கேட்ட பகுதியை மட்டும் 'என்று தெரிவித்தார்' என்று எழுதலாம்.

ஐந்து வாக்கியச் செய்திக்கு ஒரே ஒரு மேற்கோள் போதும் என்பது என் கட்சி. முதல் வாக்கியத்தில் எங்கே, எப்போது, எவ்வளவு மழை. அடுத்ததில் சொன்னவரின் பெயரும் பதவியும். பிறகு அந்த ஒரு மேற்கோள். "நாலு மேற்கோள் இருந்தால்தான் உயிர் இருக்கும்" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அந்த நாலையும் ஒலிப்பதிவோடு சரிபார்க்க நேரம் இருந்தால் தாராளமாகப் போடட்டும்.