‘நெட் ஸ்லோவா இருக்கா... ஒரு ஆப் போடுங்க சார்!’ - ஓ.டி.பி சொல்லாமலே பணம் போவது எப்படி?

மரக்காணத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ரீல்ஸ் சுத்திக்கிட்டே நிக்குதுன்னா, அதில் ஆச்சர்யம் ஒன்றுமில்லை. வேலைக்கும் காலேஜுக்கும் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பி, ஒரே நேரத்தில் போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. அந்த நேரம் பார்த்து ஒரு அழைப்பு வருகிறது.

“உங்க நெட்வொர்க் கம்பெனியில இருந்து பேசுறோம் சார். உங்க ஏரியாவுல ஸ்பீடு கம்மியா இருக்குன்னு சிஸ்டம் காட்டுது. ஒரு சின்ன ஆப் டவுன்லோடு பண்ணுங்க, நாங்களே இங்க இருந்து சரி பண்ணிடுறோம்.”

நீங்க கம்ப்ளைன்ட்டே கொடுக்கவில்லை. ஆனாலும், நெட் நிஜமாவே ஸ்லோவாத்தான் இருக்கிறது. ‘இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? அப்போ கம்பெனி ஆளாத்தான் இருக்கும்’ என்று மனசு சொல்லும். இந்த மோசடி மொத்தமும் அந்த ஒரு நொடி நம்பிக்கையில்தான் நிற்கிறது.

பேரும் அட்ரஸும் சரியா சொன்னா கம்பெனி ஆளா?

நெட் ஸ்லோ என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு நூறு பேருக்கு போன் போட்டு இதே வசனத்தைச் சொன்னால், பாதிப் பேராவது ‘ஆமா சார்’ என்பார்கள். சில நேரம் உங்க பேர், அட்ரஸ், கணக்கு எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். அதுவும் ஆதாரம் இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் பிரிட்டனின் ‘டாக்டாக்’ என்ற இன்டர்நெட் நிறுவனம். 2014 செப்டம்பர் வாக்கில் இருந்தே அதன் வாடிக்கையாளர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். ‘டாக்டாக்ல இருந்து பேசுறோம், உங்க இன்டர்நெட்ல பிரச்னை’ என்று அழைத்தவர்கள், அவர்களுடைய முகவரியையும் கணக்கு எண்ணையும் சரியாகவே சொன்னார்கள். அந்த நிறுவனத்துக்காக இந்தியாவில் இருந்து வேலை பார்த்த ஒரு வெளி நிறுவனத்தின் ஊழியர்களுக்கு வாடிக்கையாளர் விவரங்கள் தேவைக்கு அதிகமாகத் திறந்து கிடந்தன. இதற்காக பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017 ஆகஸ்ட்டில் டாக்டாக்குக்கு 1 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதே ஆண்டு மார்ச்சில், மோசடி அழைப்புகளைத் தாங்க முடியாமல், ‘டீம்வியூவர்’ என்ற ரிமோட் ஆப்பையே தன் நெட்வொர்க்கில் கொஞ்ச நேரம் முடக்கிப் பார்த்தது டாக்டாக்.

நம்ம ஊரிலும் இது புதுசு இல்லை. ‘எனிடெஸ்க்’ ஆப்பை வைத்து யு.பி.ஐ வழியாகப் பணம் எடுக்கிறார்கள் என்று அதன் பெயரைச் சொல்லியே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இந்த ஆப்கள் திருட்டு ஆப்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபீஸ்களில் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்து சரிசெய்ய தினமும் பயன்படுகிறவைதான். பிளே ஸ்டோரிலேயே இருக்கும், வைரஸ் ஸ்கேனில் மாட்டாது. வினை வருவது, யாருக்கு அனுமதி கொடுக்கிறோம் என்பதில்.

ஒரு பத்து ரூபாயில் ஆரம்பிக்கும்

இது எப்படி நடக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்தியில் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்துவிடும். அந்த மாதங்களுக்காக அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும், சீசனில் சேர்த்த கூலியும் அவர் கணக்கில் இருக்கின்றன. மொத்தம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கோடு இணைந்த சிம், காலேஜ் படிக்கும் மகன் போனில் இருக்கிறது.

அழைப்பு வருகிறது. மகன் ஆப்பை இறக்குகிறான். திறந்ததும் ஒரு நீளமான எண் தெரியும். “அந்த நம்பரைச் சொல்லுங்க தம்பி” என்கிறார் பேசுபவர். அதுதான் இந்த போனுக்கான கதவு எண். அடுத்து ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கையைக் காட்டும். ‘திரையில் தெரிவது எல்லாம் இந்த ஆப்புக்குத் தெரியும், பாஸ்வேர்டும் பண விவரமும் உட்பட’ என்பது அதன் சாரம். “அது சும்மா வரும், ஓகே கொடுங்க” என்பார். இந்த இடத்தில் கொடுக்கும் ஓகேதான் மற்ற எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது.

“கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர் பண்ண பத்து ரூபாய் கட்டணும், லிங்க் அனுப்பியிருக்கேன்” என்று அடுத்த கட்டம். பல வங்கி ஆப்கள் திரையைப் பகிரும்போது கறுப்பாகத்தான் தெரியும். அதனால்தான் உங்களை பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே மகன் அப்பாவின் டெபிட் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண் எல்லாவற்றையும் அடிக்கிறான். அதே விவரத்தை அந்தப் பக்கம் இருப்பவர் வேறொரு தளத்தில் 18,000 ரூபாய்க்குப் போடுகிறார். வங்கியிலிருந்து ஓ.டி.பி வருகிறது. திரையின் மேல் பக்கம் நோட்டிஃபிகேஷனாக எட்டிப் பார்க்கிறது. அவர் படித்துக்கொள்கிறார்.

கவனிச்சீங்களா? கடைசி வரைக்கும் அவர் ஓ.டி.பி கேட்கவே இல்லை. ‘ஓ.டி.பி-யை யார்கிட்டயும் சொல்லாதே’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அந்த விதியை மீறவும் இல்லை. ஆனாலும் பணம் போய்விட்டது. ஆண்ட்ராய்டு 15-ல் இருந்து, திரையைப் பகிரும்போது ஓ.டி.பி நோட்டிஃபிகேஷனை மறைக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் அப்பா, அம்மா கையில் இருப்பது பெரும்பாலும் பழைய போன்தானே!

கோளாறு உங்க திரையில் இல்லை

இந்த அழைப்பை உடைக்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நெட் ஸ்லோவாக இருப்பதற்கான காரணம் உங்க போன் திரைக்குள் இல்லை. அதனால், திரையைப் பார்த்து அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

ராத்திரி மட்டும் ஸ்லோ, விடிகாலையில் பறக்குதுன்னா, ஒரே டவரை நிறைய பேர் பங்குபோடுகிறார்கள் என்று அர்த்தம். திடீரென்று எதுவுமே திறக்கவில்லை என்றால், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். பல பிளான்களில் அதற்குப் பிறகு வேகம் 64 கே.பி.பி.எஸ் ஆகிவிடும். வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் என்றால் மோடத்தைப் பாருங்கள். ‘LOS’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், கேபிளில் எங்கோ ஒளி வரவில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு, வெளியே இருக்கும் உலோக இணைப்புகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். இதற்கெல்லாம் டவரில் வேலை பார்க்க வேண்டும், இல்லை லைன்மேன் ஏணியோடு வர வேண்டும். உங்க பிளான் என்ன, எவ்வளவு டேட்டா மிச்சம், லைனில் சிக்னல் வருகிறதா என்பதை நிறுவனம் தன் பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. திரையைப் பகிர நல்ல நெட் வேண்டும். நெட் நிஜமாகவே படுத்துக்கிடந்தால், அவர் சொல்லும் ஆப்பே சரியாக ஓடாது!

அழைப்பு வந்தால்...

வாதம் பண்ண வேண்டாம், கட் பண்ணுங்க. உண்மையிலேயே புகார் இருந்தால் நீங்களே நிறுவனத்தைக் கூப்பிடுங்க. பில்லில் இருக்கும் எண், அல்லது நிறுவனத்தின் சொந்த ஆப்பில் இருக்கும் எண் மட்டும்தான் நம்பிக்கையானது. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்ணும் மேலே வரலாம். அதனால் ‘நான்தானே முதல்ல கூப்பிட்டேன்’ என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. எந்தப் பக்கம் இருந்து அழைப்பு போனாலும், வங்கி சிம் இருக்கும் போனின் திரையைக் கேட்டால் பேச்சு முடிந்தது.

பணம் எதுவும் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால் sancharsaathi.gov.in தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். பணம் போனவர்களுக்கான இடம் அது இல்லை.

ஏற்கெனவே ஓகே கொடுத்துட்டீங்களா?

முதலில் ஏரோபிளேன் மோடைப் போடுங்க. வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்க. நெட் அறுந்ததும் அவருடைய பார்வையும் அறுந்துவிடும். அடுத்து வேறொரு போனில் இருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டு, யு.பி.ஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்க. பணம் போயிருந்தால் உடனே 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கில் விட்டுவைப்பதில்லை, அடுத்தடுத்த கணக்குக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்பது ஆகாது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவுசெய்யலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆப்பை நீக்குங்க. நீக்குவதற்கு முன் அதில் இருக்கும் எண், அழைப்பு வந்த எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்க, புகாருக்கு உதவும். போன் செட்டிங்ஸில் ‘Accessibility’ பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரியாத ஆப் எதற்காவது அனுமதி இருக்கிறதா என்று பாருங்க. போனைத் தூரத்தில் இருந்து இயக்கும் உரிமை அங்கேதான் ஒளிந்திருக்கும். பாஸ்வேர்டை வேறு போனில் இருந்து மாற்றுங்க.

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொடுத்த விதி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனது வாடிக்கையாளர் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். முதல் 5,000 போனதுமே வங்கியிடம் சொல்லிவிட்டால், மிச்சம் 13,000-க்கு வங்கி பொறுப்பு. அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் யோசித்தால், அந்த ஒரு மணி நேரத்தில் போவதும் உங்க கணக்கில்தான் எழுதப்படும்.

அப்பா, அம்மாவிடம் இத்தனையையும் விளக்க முடியாது. ஒரே ஒரு வரி சொல்லிவையுங்க: “நெட் ரிப்பேர் பண்றவங்களுக்கு நம்ம போனைப் பார்க்க வேண்டிய வேலையே இல்ல. யாராவது கேட்டா, வெச்சுடு.”