புரத டப்பாவும் கருவாட்டு உப்பும்

எங்கள் பெரியதாழையில் கருவாடு வாங்குகிறவர்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று தெரியும். உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் தராசில் எடை ஏறும். தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் அது மீனை நிறுக்கவில்லை, மீனையும் உப்பையும் சேர்த்து நிறுக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன்கள் வாங்கிவரும் புரதப் பவுடர் டப்பாக்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. வேதியியல் பாடம் நடத்தியவன் என்பதால், "சார், இது ஒரிஜினலா?" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

2024 ஏப்ரலில் கேரளத்து ஆலுவா ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனியின் பணமும் வாங்காமல், சந்தையில் விற்கும் 36 புரதப் பொருட்களை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தார்கள். 25 பொருட்களில் லேபிளில் போட்ட அளவுக்குப் புரதம் இல்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. ஐந்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. இது கல்லீரலைக் கெடுப்பது. 36 என்பது சின்ன எண்ணிக்கைதான், சந்தை முழுவதையும் அதை வைத்து அளந்துவிட முடியாது. ஆனாலும் இதைச் செய்ய ஒரு மருத்துவர் கைக்காசு போட வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சோதனையையே ஏமாற்றுவது எப்படி என்பதையும் சொல்கிறேன். புரதத்தை அளக்க 1883-ல் டென்மார்க்கின் கெல்டால் கண்டுபிடித்த முறையே இன்றும் பரவலாக நடக்கிறது. அது புரதத்தை நேரே அளப்பதில்லை. பொருளைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கணக்கிட்டு, 6.25-ஆல் பெருக்குவார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் அது புரதமாகவே கணக்கில் ஏறும். 2008-ல் சீனாவில் குழந்தைப் பால்பவுடரில் மெலமின் கலந்தவர்கள் இந்த ஓட்டையில்தான் புகுந்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள்.

பவுடர்காரர்களுக்கு நஞ்சு தேவையில்லை, கிளைசின் போதும். மலிவான அமினோ அமிலம், இனிப்பும் உண்டு. அதில் நைட்ரஜன் 18.7 சதவீதம். ஒரு கிராம் போட்டால் கெல்டால் கணக்கில் 1.17 கிராம் புரதம்! 30 கிராம் கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று லேபிள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பால்புரதம் 18 கிராமே இருக்கிறது. கூடவே 5.1 கிராம் கிளைசின். அது 6 கிராம் புரதமாகக் கணக்கில் சேர்ந்து, மொத்தம் 24 வந்துவிடும். ஆய்வக அறிக்கையும் லேபிளும் பொருந்தும், ஆனால் பையன் காசு கொடுத்ததில் கால்பங்கு பால்புரதமே இல்லை.

இதைப் பிடிக்க அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளக்க வேண்டும். புரதத்தில் கட்டுண்டிருப்பது வேறு, சும்மா கலந்து கிடப்பது வேறு. அதற்கான கருவியும் செலவும் பெரிது. வீட்டில் செய்யக்கூடியது லேபிளைப் படிப்பதுதான். பால்புரதத்தில் லூசின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 24 கிராம் புரதத்துக்கு லூசின் 2.4 கிராமாவது இருக்க வேண்டும். 1.8 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பொருட்கள் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் தலைகாட்டினாலும் அப்படியே. தனியாக லூசினையும் போட்டுச் சரிக்கட்டியிருந்தால் இந்தக் கணக்கும் தோற்றுவிடும்.

பையன்கள் காட்டும் 14 இலக்க உரிம எண், கம்பெனிக்கு உரிமம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கையிலுள்ள டப்பாவை யாரோ சோதித்ததாக அதற்குப் பொருள் இல்லை. ஆய்வறிக்கை காட்டினால் அதிலுள்ள தொகுதி எண் டப்பாவில் இருப்பதோடு பொருந்துகிறதா, மாதிரியைக் கம்பெனியே அனுப்பியதா, வெளியாள் கடையில் வாங்கியதா என்று பாருங்கள்.

2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ம் பிரிவு, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உரிமை தருகிறது. குறை தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம். செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கும் பையன் யாரிடம் போய்ச் சொல்வான்? இந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். தனியாகக் கலந்த அமினோ அமிலத்தைப் புரதக் கணக்கில் சேர்க்காமல் லேபிளில் வேறாக அச்சிடவும் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்கும் பையனிடம் நான் சொல்வது, நூறு கிராம் சாளையில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது என்பதுதான். "நாத்தம் சார்" என்கிறான், வள்ளக்காரர் மகன்!